“விலை என்ன?” என்ற கேள்வியும் அதற்குரிய விடையும்

இன்ஸ்டாகிராமில் ஒரு ரவிக்கையின் படத்தை வெளியிட்டால், அதன் கீழே வரும் முதல் பின்னூட்டத்தில் பெரும்பாலும் ஒரே சொல்தான் இருக்கும்: “விலை?” விற்பவர் எழுதும் விடையும் நமக்குப் பழகிப்போனதே: “தனிச்செய்தியில் வாருங்கள்.” இவ்விரண்டு வரிகளுக்கும் இடையிலேயே வாங்க வந்தவர் நழுவிவிடுவதுண்டு. விலையைப் பொதுவில் எழுதினால் போட்டியாளர் அறிந்துகொள்வார் என்ற அச்சம் ஒருபுறம். எழுதாவிட்டால் கேட்டவர் போய்விடுவார் என்ற கவலை மறுபுறம். வீட்டிலிருந்தே தொழில் நடத்தும் நம் வாடிக்கையாளர்கள் பலர் நாள்தோறும் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள். ஆகவே இவ்விதழில் இந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரே ஓர் எடுத்துக்காட்டின் துணையோடு ஆராய்வோம்.

பெங்களூருவில் ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் ஆரி வேலைப்பாடு செய்து, ரவிக்கையும் தைத்துத் தரும் ஒரு பெண்மணியைக் கற்பனை செய்துகொள்வோம். தமிழர் ‘ஆரி’ என்று கேட்பதைத் தெலுங்கு பேசுவோர் ‘மக்கம் வேலை’ என்று கேட்பார்கள். பெயர் எதுவாயினும், சட்டத்தில் துணியை இறுக்கிக் கட்டி, கொக்கி ஊசியால் சரிகையும் மணியும் கல்லும் பதிக்கும் அதே கைவேலைதான். இந்தத் தொழிலை நாம் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இதில் எந்தப் படத்திற்கும் நிலையான ஒரே விலை இல்லை. கழுத்தின் ஆழம், கையின் நீளம், மணியின் நெருக்கம், வேண்டிய நாள் என்று ஒவ்வொன்றும் விலையை மாற்றும். எனவே “விலை என்ன?” என்பதற்கு ஒரு சொல்லில் விடை தருவது இத்தொழிலில் உண்மையாகவே கடினம்.

எதை மறைப்பது, எதைச் சொல்வது

‘எல்லாவற்றையும் வெளிப்படுத்தாமல் இருப்பது’ என்பதை ‘விலையை மறைப்பது’ என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். இது தவறான புரிதல் என்பதே நம் கருத்து. விலை இரகசியமாக இருக்க இயலாது. போட்டியாளர் வேறொரு கணக்கிலிருந்து வாடிக்கையாளரைப் போல ஒரு செய்தி அனுப்பினால், இரண்டு நிமிடத்தில் அவருக்கும் விலை தெரிந்துவிடும். பொதுவில் மறைப்பதால் தடுக்கப்படுபவர் அவர் அல்லர். செய்தி அனுப்பக் கூச்சப்படும் உண்மையான வாங்குபவரே.

மறைக்கத்தக்கவை வேறு. பொருளுக்கு ஆகும் அடக்கச் செலவு, ஒரு மணி நேர உழைப்புக்கு நாம் வைத்திருக்கும் கணக்கு, சரிகையும் மணியும் வாங்கும் கடை, உடன் வேலை செய்யும் கைவினைஞரின் பெயர், எந்த விலைக்குக் கீழே போகமாட்டோம் என்ற எல்லை, முன்பு வாங்கிய மற்றொருவரின் விவரம் ஆகியவை கடையின் உள்ளறையில் இருக்க வேண்டியவை. வாங்குபவர் பெறப்போகும் பொருளைப் பற்றிய செய்திகளோ முழுமையாக வெளியே இருக்க வேண்டும். மொத்த விலை, அதில் அடங்குவன, அடங்காதன, சரிகை அசலா போலியா, துவைக்கலாமா கூடாதா, எந்த நாளில் கைக்கு வரும் என்பவற்றில் எதையும் மூடி வைத்தல் ஆகாது. வாங்குபவர் எதைப் பெறுகிறார் என்பது அவருக்கு உரிய செய்தி. விற்பவர் எவ்வாறு ஈட்டுகிறார் என்பது விற்பவருக்கு உரிய செய்தி. இந்தக் கோட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் விடைகள் அனைத்தும் எளிதாகும்.

சட்டமும் இந்தக் கோட்டுக்கு ஒத்தே செல்கிறது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், அஞ்சல் கட்டணம், வரி உள்ளிட்ட கட்டாயச் செலவுகளைச் சேர்த்து, மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்டுவதை வலியுறுத்துகின்றன. முறையாக, தொடர்ந்து வணிகம் செய்யாத தனிமனிதருக்குத்தான் அவ்விதிகளில் விலக்கு. முதலில் குறைந்த விலையைக் காட்டிவிட்டு, பணம் கட்டும் வேளையில் தையலுக்குத் தனி, உள்துணிக்குத் தனி, அனுப்புவதற்குத் தனி என்று சொட்டுச் சொட்டாகக் கூட்டுவதை 2023ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகள் நுகர்வோரை ஏமாற்றும் முறைகளுள் ஒன்றாகவே வகைப்படுத்தியுள்ளன. ‘இன்று மட்டுமே இந்த விலை’ என்று இல்லாத அவசரத்தை உண்டாக்குவதும் அப்பட்டியலில் இருக்கிறது. ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் வரி என்ற பெயரில் எதையும் தனியே வசூலிக்க முடியாது என்பதையும் நினைவில் கொள்க.

விடை சொல்லும் முன் ஒரு கணக்கு

தயங்கித் தயங்கி விலை சொல்வதற்குப் பல வேளைகளில் காரணம், விற்பவருக்கே தம் எல்லை தெரியாமல் இருப்பதுதான். நம் எடுத்துக்காட்டிலுள்ள பெண்மணி படமாக வெளியிட்ட ரவிக்கையில் பின்கழுத்திலும் இரு கைகளிலும் வேலைப்பாடு இருக்கிறது. அதன் கணக்கை அவர் நோட்டுப் புத்தகத்தில் இவ்வாறு எழுதுகிறார் என்று கொள்வோம். சரிகை, மணி, கல் ஆகியவற்றுக்கு ₹650. சட்டத்தின் முன் அமர்ந்து செய்த வேலை 14 மணி நேரம். மணிக்கு ₹90 வீதம் ₹1,260. உள்துணியுடன் தையலுக்கு ₹700. வாடகை, மின்சாரம், உறை ஆகியவற்றின் பங்காக ₹190. ஆக அடக்கம் ₹2,800. அவர் வைக்கும் விலை ₹3,600. மிச்சம் ₹800.

இப்போது ஒருவர் ₹400 குறைக்கச் சொல்கிறார். கேட்பவருக்கு அது ஒன்பதில் ஒரு பங்குக் குறைப்பாகவே தெரியும். விற்பவருக்கோ அது மிச்சத்தில் சரிபாதி. இந்த வேறுபாட்டை முன்கூட்டியே எழுதிப் பார்த்தவர்தான், செய்தி வந்த வேகத்தில் “சரி மா, 3,200 கொடுங்க” என்று எழுதிவிட்டுப் பிறகு வருந்தாமல் இருப்பார். நம் பெண்மணி ₹3,200ஐத் தம் கடைசி எல்லையாக வைத்திருக்கிறார். அந்த எண் நோட்டுப் புத்தகத்தை விட்டு ஒருபோதும் வெளியே வருவதில்லை.

பின்னூட்டத்தில் எழுதும் விடை

பின்னூட்டத்தில் கேட்பவர் ஒருவராயினும் படிப்பவர் பலர். கேட்காமலே படித்துவிட்டுச் செல்பவர்களுக்கும் சேர்த்தே அங்கு விடை எழுதப்படுகிறது. ஆகவே “தனிச்செய்தியில் சொல்கிறேன்” என்பதைக் காட்டிலும் இத்தகைய விடை பயன் தரும்:

“வணக்கம் மா. படத்தில் உள்ள ரவிக்கை, உள்துணியும் தையலும் சேர்த்து ₹3,600. பெங்களூருக்குள் அனுப்ப ₹100 சேர்த்து ₹3,700. கழுத்துக்கு மட்டும் வேலை போதுமென்றால் ₹1,900 முதல் செய்து தருகிறோம். உங்கள் புடவைப் படத்தையும் வேண்டிய தேதியையும் தனிச்செய்தியில் அனுப்பினால் சரியான தொகையைச் சொல்கிறோம்.”

இந்த விடையில் மூன்று செய்திகள் இருப்பதைக் காணலாம். படத்தில் உள்ள பொருளின் விலை முதலில் வருகிறது. இது முக்கியம். கண்ணைப் பறிக்கும் படத்தைப் போட்டுவிட்டு “₹1,900 முதல்” என்று மட்டும் எழுதினால், அந்தப் படத்துக்கே அந்த விலை என்று நம்பி வருபவர் பிறகு ₹3,600 என்று கேட்டதும் ஏமாந்ததாகவே உணர்வார். அடுத்து, குறைந்த செலவில் வேறு வழி உண்டு என்பது சொல்லப்படுகிறது. விலை கூடுதலாகத் தோன்றியவரும் அதனால் உடனே விலகிவிடுவதில்லை. இறுதியாக, தனிச்செய்திக்கு ஏன் வர வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் தரப்படுகிறது. மறைப்பதற்காக அழைக்கவில்லை, அளந்து சொல்வதற்காக அழைக்கிறோம் என்பது அதில் விளங்கும்.

அடக்கம், உழைப்பு நேரம், கடையின் பெயர் எதுவும் இங்கே வெளிப்படவில்லை என்பதையும் காண்க.

இவ்விடத்தில் பலரும் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. “உங்களுக்குச் செய்தி அனுப்பியுள்ளேன், பாருங்கள்” என்று எழுதிவிட்டு விற்பவரே தனிச்செய்தி அனுப்புவது வழக்கம். ஆனால் இன்ஸ்டாகிராமில் நம்மைப் பின்தொடராத ஒருவருக்கு நாம் அனுப்பும் செய்தி, அவருடைய வழக்கமான பெட்டிக்குப் போகாமல் ‘வேண்டுகோள்கள்’ என்ற தனிப் பகுதிக்குப் போய்ச் சேர்வதுண்டு. அதைத் திறந்து பார்க்கும் பழக்கம் பலருக்கு இல்லை. விற்பவர் விடை அனுப்பிவிட்டதாக எண்ணுகிறார். வாங்குபவர் விடையே வரவில்லை என்று எண்ணுகிறார். ஆதலால் செய்தியை அவர் தொடங்குமாறு கேட்பதே நல்லது. அதே காரணத்தால், நம் கணக்கிலும் அந்த வேண்டுகோள் பகுதியைக் காலையிலும் மாலையிலும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.

பொதுவில் எழுதிய விலைக்கு ஒரு குறையும் உண்டு. அது அங்கேயே தங்கிவிடும். சரிகை விலை ஏறிய பிறகு, ஓராண்டுக்கு முந்தைய பின்னூட்டத்தைப் படமெடுத்து அனுப்பி “இதே விலைக்குத் தாருங்கள்” என்று கேட்பவர் வரக்கூடும். விலை மாறும்போது பழைய விடையை நீக்கிவிட்டு, படத்தின் விளக்கத்தில் ‘இந்த விலை இன்ன மாதம் முதல்’ என்று திருத்தி எழுதிவிட்டால் அந்த வாதம் எழாது. கனமான மணப்பெண் ரவிக்கைகளுக்கு மட்டும், தொடக்க விலையைச் சொல்லிவிட்டு நேரில் பேசுவதே பொருத்தம். அங்கே வீச்சு மிகப் பெரிது.

தனிச்செய்தியில் நடக்கும் உரையாடல்

தனிச்செய்திக்கு வந்தவர் பின்னூட்டத்தைப் படித்திருப்பார் என்று கொள்ளக் கூடாது. “அக்கா, இது எவ்ளோ?” என்று படத்தோடு ஒரு வரி வரும். அதற்கு விடையாகக் கேள்விகளை அடுக்குவது தவறு. அளவு என்ன, எந்த ஊர், எப்போது வேண்டும், என்ன நிறம் என்று விசாரித்துவிட்டு விலையைக் கடைசியில் சொன்னால், ஆளைப் பார்த்து விலை வைக்கிறார்கள் என்ற ஐயமே மிஞ்சும். முதலில் விலை, பிறகு இரண்டே கேள்விகள்.

“படத்தில் உள்ளது போலவே என்றால், தையலும் அனுப்பும் செலவும் சேர்த்து ₹3,700 மா. என்றைக்கு வேண்டும்? புடவையின் படம் ஒன்று அனுப்ப முடியுமா?”

தேதியைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. 14 மணி நேர வேலையை நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் வீதம் செய்தால் மூன்று நாள் ஆகும். தையலும், முன்னே நிற்கும் பிறர் வேலையும் சேர்ந்தால் பத்து நாள் தேவைப்படும். நான்கு நாளில் வேண்டுமென்பவருக்கு இயலாது என்றோ, விரைவுக்குக் கூடுதல் தொகை இவ்வளவு என்றோ அப்போதே சொல்லிவிட வேண்டும். புடவையின் படம் வந்தால் சரிகையின் நிறம் முடிவாகும். தவிர, புடவைப் படத்தையும் தேதியையும் உடனே அனுப்புபவர் வாங்கும் எண்ணத்தோடு வந்தவர் என்பதும் நமக்குத் தெரிந்துவிடும்.

விவரம் வந்ததும் முழு மதிப்பீட்டை ஒரே செய்தியில் எழுதி அனுப்ப வேண்டும். பின்கழுத்தும் இரு கைகளும், எந்த நிறச் சரிகை, உள்துணியுடன் தையல், அனுப்பும் செலவு, மொத்தம் ₹3,700, முன்பணம் பாதி, பொருள் கிடைக்கும் தேதி, இந்த மதிப்பீடு ஏழு நாள் வரை செல்லும் என்ற குறிப்பு ஆகியவை அதில் இருக்கட்டும். வாங்குபவர் வீட்டில் கணவரிடமோ தாயாரிடமோ அதைக் காட்டிக் கேட்கக்கூடும். பத்துச் செய்திகளில் சிதறிக் கிடந்தால் யாருக்கும் காட்ட முடியாது. தொகையின் உட்பிரிவில் தையல், வேலைப்பாடு, அனுப்புதல் என்பவற்றை எழுதலாம். மணிக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு என்ற உள் கணக்கை எழுதத் தேவையில்லை.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலி வைத்திருப்பவர்கள் இந்த விடைகளை ஒருமுறை எழுதிச் சேமித்துக்கொண்டு, சாய்கோட்டுக் குறியைத் தட்டினால் எடுத்து அனுப்பும் வசதியைப் பயன்படுத்தலாம். ஆனால் அனுப்பும் முன் பெயரையும் படத்தையும் பார்த்துத் திருத்துங்கள். நீலப் புடவைக்காரருக்குச் சிவப்புச் சரிகையைப் பற்றி எழுதுவது விடை தராமலிருப்பதைவிட மோசம்.

மதிப்பீடு அனுப்பிய பின் அமைதி நிலவினால், இரண்டு நாள் கழித்து ஒரே ஒருமுறை நினைவூட்டலாம். “அந்தத் தேதிக்கு வேலையைத் தொடங்க வேண்டுமானால் வியாழனுக்குள் சொல்லுங்கள் மா” என்று உண்மையான காரணத்தோடு எழுதினால் போதும். அதற்குமேல் எழுதுவது தொந்தரவு.

குறைக்கச் சொன்னால்

“கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க அக்கா, என்கிட்ட மூவாயிரம்தான் இருக்கு.” இதற்கு “முடியாது” என்பதும் “சரி” என்பதும் ஒன்றுக்கொன்று குறையாத இழப்பைத் தரும். வேலையை அப்படியே வைத்து விலையை மட்டும் ₹3,000 ஆக்கினால் மிச்சம் ₹200 மட்டுமே. அது அவருடைய எல்லைக்கும் கீழே. நம் பெண்மணி வேறு விதமாக விடை எழுதுகிறார்:

“மூவாயிரத்துக்குள் அழகாகவே செய்யலாம் மா. பின்கழுத்து அப்படியே இருக்கட்டும். கை முழுவதும் மணி வைப்பதற்குப் பதில் கையின் ஓரத்தில் மட்டும் ஒரு வரிசை செய்து தருகிறேன். தையலோடு ₹3,000, அனுப்ப ₹100. நேரில் வந்து வாங்கிக்கொண்டால் அந்த நூறும் இல்லை.”

கைவேலை குறைந்ததால் நான்கு மணி நேர உழைப்பும் ₹140 மதிப்புள்ள பொருளும் மிஞ்சுகின்றன. அடக்கம் ₹2,300 ஆகிறது, மிச்சம் ₹700. வாங்குபவர் தம் கையிலுள்ள பணத்துக்கு ஒரு ரவிக்கை பெறுகிறார். விற்பவர் ஏறக்குறைய முன்பிருந்த வருவாயையே பெறுகிறார். அடக்கம் என்ன, எல்லை என்ன என்பதை அவர் ஒரு சொல்லாலும் வெளியிடவில்லை. “எனக்கே இவ்வளவு செலவாகிறது மா” என்று அடக்கத்தைச் சொல்லி இரக்கம் தேடுவதை நாம் ஏற்பதில்லை. அவ்வாறு ஒருமுறை சொல்லிவிட்டால், அடுத்த உரையாடல் முழுவதும் அந்த எண்ணைச் சுற்றியே நடக்கும்.

அதே வேலையை அதே அளவில் கேட்ட இருவருக்கு இரண்டு விலை சொல்வதையும் தவிர்க்க வேண்டும். தனிச்செய்தி என்பது பெயரளவில்தான் தனி. ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் இரு தோழியர் தங்கள் கைப்பேசிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் எல்லாம் வெளிச்சமாகிவிடும். பழைய வாடிக்கையாளருக்குச் சலுகை தர விரும்பினால் ‘மூன்றாம் முறை வாங்குபவருக்கு அனுப்பும் செலவு இல்லை’ என்பது போல எல்லோருக்கும் சொல்லக்கூடிய விதியாக வைத்துக்கொள்ளலாம்.

“வேறொருவர் இதையே ₹2,500க்குத் தருகிறார்” என்று சிலர் சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். இயந்திரத்தில் செய்த வேலைப்பாடாகவும் இருக்கலாம். அந்த மற்றொருவரைக் குறை கூறாமல், “எங்களுடையது முழுவதும் கைவேலை மா. உட்புறத்தின் படத்தையும் அனுப்புகிறேன், இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்” என்று எழுதினால் போதும். ஒப்பிட்ட பிறகும் அவர் அங்கேயே வாங்கினால், அவர் தேடியது வேறு பொருள் என்று கொள்ளலாம்.

துருவிக் கேட்பவர்கள்

சரிகை கருக்குமா, கல் உதிருமா, உலர் சலவைக்குத்தான் தர வேண்டுமா என்று கேட்பவர் வாங்குபவர். அவருக்குத் தயங்காமல் உண்மையைச் சொல்ல வேண்டும். மணியின் அளவு என்ன, எந்தக் கடையில் வாங்கினீர்கள், எத்தனை மணி நேரம் ஆனது, கைவினைஞருக்கு எவ்வளவு தருகிறீர்கள் என்று கேட்டு, தேதியையோ புடவையையோ சொல்லாமல் இருப்பவர் பெரும்பாலும் தொழிலைக் கற்க வந்தவர் அல்லது நடத்துபவர். அவரிடம் கடுமை காட்ட வேண்டியதில்லை. “பொருள் வாங்கும் இடத்தை நாங்கள் பகிர்வதில்லை மா. ரவிக்கை தேவைப்பட்டால் தேதியைச் சொல்லுங்கள்” என்ற ஒரு வரி போதுமானது. வாங்குபவர் என்றால் தேதி வரும்.

விலை ஒத்துக்கொண்ட பின்

விலை பற்றிய பேச்சு முடியும் இடத்தில்தான் வேறு வகையான கேள்விகள் தொடங்குவதுண்டு. வங்கி என்ற முறையில் இதை நாம் விட்டுச் செல்ல இயலாது. பேரம் ஏதும் பேசாமல், வேலைப்பாட்டைப் பற்றி ஒன்றும் கேட்காமல், சொன்ன விலைக்கு உடனே ஒத்துக்கொண்டு “முன்பணம் அனுப்ப இந்தக் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள்” என்று ஒருவர் விற்பவருக்கே குறியீடு அனுப்பினால், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். யுபிஐ மூலம் பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவும் தேவையில்லை, இரகசிய எண்ணை இடவும் தேவையில்லை. அந்த எண்ணைக் கேட்கும் திரை, நம் கணக்கிலிருந்து பணம் வெளியே போகும் திரையாகும். தவறுதலாகக் கூடுதல் தொகை அனுப்பிவிட்டதாகவும் மிச்சத்தைத் திருப்பித் தருமாறும் கெஞ்சும் செய்தியும் இவ்வகையே.

நம் குறியீட்டையோ யுபிஐ முகவரியையோ நாம்தான் அனுப்ப வேண்டும். ‘பணம் செலுத்தப்பட்டது’ என்று காட்டும் படம் எளிதில் போலியாகச் செய்யக்கூடியது; ஆகவே அதைப் பார்த்துச் சட்டத்தில் துணியைக் கட்டக் கூடாது. வங்கியின் செயலியைத் திறந்து, முன்பணம் ₹1,850 கணக்கில் வரவாகியிருப்பதைக் கண்ட பிறகு, “கிடைத்தது மா, நாளை வேலையைத் தொடங்குகிறேன்” என்று எழுதலாம்.